கடலூர்க் கடைப் பட்டியல், வில்லியனூர்க் கடைப் பட்டியல்: இரண்டையும் ஒன்றாக்குவது எப்படி?

வில்லியனூர் தம்பி — 6 ஜூலை 2025, காலை

அப்பாவுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பைப், ஃபிட்டிங்ஸ் கடை. வில்லியனூரில் அதே வியாபாரத்தை அண்ணன் பார்க்கிறார். இரண்டு கடைக்கும் ஒரே பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறோம். அதில் ஏற்ற ஒரே சரக்குப் பட்டியல் கேட்கிறார்கள். மஞ்சக்குப்பத்து எக்செல்லில் 612 வரி, வில்லியனூரில் 874 வரி. VLOOKUP போட்டுப் பார்த்தேன், 97 வரிதான் பொருந்தியது. இரண்டு கடையிலும் பெரும்பாலும் ஒரே சரக்கு. அப்பா பெரும்பாலும் தமிழில் எழுதியிருக்கிறார், அண்ணன் பக்கம் பழைய சாஃப்ட்வேரில் இருந்து ஆங்கிலத்தில் வந்தது. கையால் உட்கார்ந்து சேர்க்க வேண்டியதுதானா? மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

ஓ.டி. கடை — 6 ஜூலை, காலை

இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? ஒரு பட்டியலுக்குக் கீழே இன்னொன்றை ஒட்டுங்கள், Remove Duplicates அழுத்துங்கள். பெயர் வேறாக இருந்தால் எச்எஸ்என் எண்ணை வைத்துச் சேருங்கள். அது நாடு முழுக்க ஒரே எண்தானே.

கெடிலக்கரை — 6 ஜூலை, மதியம்

தம்பி, அந்தப் பட்டனை இப்போது தொடாதீர்கள். நான் ஒருமுறை தொட்டேன். எங்கள் கடையில் பால் வால்வு இரண்டு வரியில் இருந்தது, ஒன்றில் 18, இன்னொன்றில் 25. பெயரை மட்டும் டிக் செய்துவிட்டு Remove Duplicates அழுத்தினேன். மேலே இருந்த 18 நின்றது, கீழே இருந்த 25 வரியோடு போய்விட்டது. அது கூட்டாது, முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும், அவ்வளவுதான். எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. பட்டியலில் இல்லாத வால்வு ரேக்கில் இருக்கிறதே என்று பையன் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

எச்எஸ்என் பற்றி ஓ.டி. சொன்னதில் பாதி சரி. எண் எங்கும் ஒன்றுதான். ஆனால் பிளாஸ்டிக் எல்போ, டீ, ரெடியூசர், எண்ட் கேப் எல்லாமே 3917-க்குள் வரும். அரை இஞ்ச் எல்போவும் நாலு இஞ்ச் டீயும் அங்கே ஒரே எண். அதை வைத்துச் சேர்த்தால் முந்நூறு பொருள் ஒரே பொருளாகிவிடும். வரி போட அது உதவும், அடையாளத்துக்கு உதவாது.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு கோப்பையும் நகல் எடுத்து மூலத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நகலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுங்கள்: மஞ்சக்குப்பத்துக்கு M-001 முதல், வில்லியனூருக்கு V-001 முதல். இனி எதைச் சேர்த்தாலும் பிரித்தாலும் இந்த எண் கூடவே போக வேண்டும். நாளை ஒரு எண்ணிக்கை இடித்தால் எந்த வரியில் இருந்து வந்தது என்று பின்னால் நடந்து போக இதுதான் வழி.

இரண்டிலும் நாலு நாலு வரி இங்கே போடுங்கள். பெயரைப் பார்க்காமல் பேசினால் எல்லாம் ஊகமாகப் போய்விடும். இன்னொன்று: மஞ்சக்குப்பத்து எண்ணிக்கை எப்போது எடுத்தது? ஃபெஞ்சல் புயலுக்கு முன்பா, பின்பா?

வில்லியனூர் தம்பி — 6 ஜூலை, இரவு

ஃபெஞ்சலுக்கு முன்பு எடுத்ததுதான் அண்ணா, நவம்பர் 2024. தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது குடோன் கீழ் வரிசை நனைந்தது, கொஞ்சம் சரக்கை வில்லியனூருக்கு வண்டியில் ஏற்றினோம். அப்பா பட்டியலில் அதைக் கழிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வரிகள் இதோ:

```
M-014 | எல்போ        | 03-Apr | 140
M-015 | எல்போ        | 01-Feb | 210
M-052 | ரெடியூசர்      | 1*3/4  | 36
M-118 | சிபி எல்போ    | 03-Apr | 65

V-201 | PVC ELBOW 25MM     | 88
V-202 | PVC ELBOW 20MM     | 120
V-340 | CPVC ELBOW 20MM    | 54
V-377 | PVC REDUCER 25X32  | 22
```

மூன்றாவது கட்டத்தில் ஏன் தேதி இருக்கிறது என்று தெரியவில்லை. வாங்கிய தேதியாக இருக்குமோ?

கெடிலக்கரை — 6 ஜூலை, இரவு

வாங்கிய தேதி இல்லை, அளவு. உங்கள் அப்பா முக்கால் இஞ்ச் என்று 3/4 அடித்திருக்கிறார், எக்செல் அதை ஏப்ரல் மூன்றாம் தேதி என்று எடுத்துக்கொண்டது. 1/2 அடித்தது பிப்ரவரி முதல் தேதி ஆகிவிட்டது. கட்டத்தின் உள்ளே 45019 மாதிரி ஒரு எண்தான் இருக்கும்; எனவே VLOOKUP எத்தனை முறை தேடினாலும் அதில் முக்கால் கிடைக்காது. உங்கள் 97-க்கு முதல் காரணம் இது.

அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி: அந்தப் பத்தியின் சீரமைப்பை நீக்கிவிட்டுப் பாருங்கள். எழுத்தாக இருப்பது இடப்பக்கம் ஒட்டும், தேதியோ எண்ணோ ஆனது வலப்பக்கம் ஒட்டும். வலப்பக்கம் நிற்பதை எல்லாம் சந்தேகப்படுங்கள். மீட்க:

```
=IF(ISNUMBER(C2),IF(C2>40000,TEXT(C2,"d/m"),C2),TRIM(C2))
```

ஒன்றரை இஞ்சுக்கு அப்பா இடைவெளி விட்டு 1 1/2 என்று அடித்திருந்தால் அது 1.5 என்ற எண்ணாக இருக்கும், ஆபத்து இல்லை. இடைவெளி விடாமல் 11/2 அடித்திருந்தால் பிப்ரவரி 11 ஆகியிருக்கும். அந்த வரிகளை மட்டும் கண்ணால் பாருங்கள்.

வில்லியனூர் தம்பி — 7 ஜூலை

போட்டேன் அண்ணா. 3/4 வரவில்லை, 3-4 என்று வருகிறது.

கெடிலக்கரை — 7 ஜூலை

என் தவறு. TEXT-க்குள் போடும் சாய்கோட்டை எக்செல் 'இந்தக் கணினியின் தேதிப் பிரிப்பான்' என்று படிக்கும். இந்திய அமைப்பில் அது சிறுகோடு. என் கணினியில் சாய்கோடாக மாற்றி வைத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. இதைப் போடுங்கள், எந்தக் கணினியிலும் மாறாது:

```
=DAY(C2)&"/"&MONTH(C2)
```

நேற்றைய சூத்திரத்தில் TEXT இருந்த இடத்தில், முன்னால் உள்ள = குறியை விட்டுவிட்டு, இதை வைத்தால் போதும். ஆனால் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்து அப்பா அடித்திருந்தால் 04-Mar என்று தெரிந்திருக்கும், அப்போது MONTH முன்னால் வர வேண்டும். உங்களுடையது 03-Apr, அதனால் DAY முன்னால்.

வந்த விடையை ஒட்டும் முன்பு அந்தப் பத்தியை Text என்று மாற்றுங்கள். கோப்பை சிஎஸ்வியாகச் சேமித்து மறுபடி எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால், மீட்ட 3/4 எல்லாம் திரும்பத் தேதியாகிவிடும். புது சாஃப்ட்வேர் சிஎஸ்வி கேட்டால் கடைசியாக ஒருமுறை சேமித்து அப்படியே ஏற்றுங்கள். சரிபார்க்க வேண்டுமானால் நோட்பேடில் திறந்து பாருங்கள்.

நெல்லிக்குப்பம் பிளம்பர் — 8 ஜூலை

வணக்கம். எந்த அளவு வாங்குவது என்று குழப்பம் போலிருக்கிறது. சாம்பல் நிறப் பிவிசியில் அரை இஞ்ச் என்றால் 20, முக்கால் 25, ஒண்ணு 32, ஒண்ணேகால் 40, ஒண்ணரை 50, ரெண்டு 63. வீட்டுக்குள் சுடுதண்ணீருக்குச் சிபிவிசி போடுங்கள், அதில் முக்கால் என்றால் 20. இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள், திருப்பித் தர கடைக்கு அலைய வேண்டும். மோட்டார் லைனுக்கு 6 கிலோ பைப் எடுங்கள், 4 கிலோ வேண்டாம்.

கெடிலக்கரை — 8 ஜூலை

ஐயா, தம்பி வாங்கக் கேட்கவில்லை, அவரே கடைக்காரர். ஆனால் இந்த இழையில் மிக முக்கியமான வரியை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி, V-202-ஐயும் V-340-ஐயும் பாருங்கள். இரண்டிலும் 20MM. முதலாவது அரை இஞ்ச், இரண்டாவது முக்கால் இஞ்ச். சாம்பல் பிவிசியில் மில்லிமீட்டர் என்பது குழாயின் வெளிவிட்டம். அரை இஞ்ச் குழாயின் வெளிப்புறம் 20 மி.மீ. இருக்கும். சிபிவிசியிலும் இரும்புக் குழாயிலும் எழுதுகிற 20 என்பது பெயரளவு மட்டும், கையில் அளந்தால் அந்த எண் வராது. முக்கால் சிபிவிசியின் வெளிவிட்டம் 22 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். வீட்டு வேலைக்கு வரும் வெள்ளை யுபிவிசியும் இந்தப் பக்கம்தான்: அதில் 20 என்றால் முக்கால், 25 என்றால் ஒரு இஞ்ச்.

ஆகவே உங்கள் எட்டு வரியில் எவை ஒன்று? M-014-உம் V-201-உம் ஒன்று, பிவிசி முக்கால். M-015-உம் V-202-உம் ஒன்று, பிவிசி அரை. M-118-உம் V-340-உம் ஒன்று, சிபிவிசி முக்கால். எழுத்தை மட்டும் பார்த்தால் V-202-உம் V-340-உம்தான் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் உறவே கிடையாது.

'20 வந்தால் 1/2 என்று மாற்று' என்று மொத்தமாக Replace கொடுத்தால் சிபிவிசி முழுக்கக் கெட்டுவிடும். அளவை மாற்ற இரண்டு சாவி வேண்டும்: எந்தப் பொருள், எந்த எண். Size என்று ஒரு தாள் போட்டு முதல் பத்தியில் PVC|20, PVC|25, CPVC|20 என்று எழுதுங்கள், இரண்டாவதை முதலில் Text என்று மாற்றிவிட்டு அதில் 1/2, 3/4, 3/4. பிறகு V தாளில் பொருளையும் எண்ணையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்து:

```
=VLOOKUP(D2&"|"&E2,Size!A:B,2,FALSE)
```

Size தாளில் இல்லாத இணை வந்தால் #N/A காட்டும். அதை மறைக்காதீர்கள். #N/A வந்த இடத்தில்தான் நீங்கள் யோசிக்க வேண்டியது இருக்கிறது.

அப்பா தாளில் இன்னொரு சிக்கல். வெறும் 'எல்போ' என்று எழுதினால் பிவிசி என்று அவருக்குத் தெரியும், சிபிவிசியை மட்டும் 'சிபி' என்று குறித்திருக்கிறார். வெள்ளைக்கு என்ன எழுதினார் என்று கேட்டீர்களா? அதை நாம் ஊகிக்கக் கூடாது.

வில்லியனூர் தம்பி — 9 ஜூலை

கேட்டேன். 'வெள்ளை எல்போ' என்று சில வரி இருக்கிறது. ஆனால் 2021-க்கு முன்பு வெள்ளைச் சரக்கு வைக்கவில்லையாம். வைக்க ஆரம்பித்த புதிதில் அதையும் வெறும் எல்போ என்றே எழுதிவிட்டேன் என்கிறார். எந்த வரி என்று நினைவில்லை.

நெல்லிக்குப்பம் பிளம்பர் — 9 ஜூலை

கடைக்காரரா, சரி சரி, மன்னிக்கவும். அதற்குப் பட்டியலைப் பார்த்து என்ன பயன்? ரேக்குக்குப் போங்கள். கையில் முக்கால் சாம்பல் பைப் துண்டு ஒன்று, முக்கால் சிபிவிசி துண்டு ஒன்று, முக்கால் வெள்ளை துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எது எந்த எல்போவில் சரியாக உட்காருகிறதோ அதுதான் அது. சாம்பல் துண்டு வெள்ளை எல்போவில் போகும், ஆனால் ஆடும். ஆடினால் அது வேறு ஜாதி. கால் மணி நேர வேலை.

ஓ.டி. கடை — 10 ஜூலை

நீங்கள் எல்லாம் கையால் சுற்றுகிறீர்கள். பவர் குவெரியில் இரண்டு பட்டியலையும் இணைக்கும்போது 'ஃபஸி மேட்சிங்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. கொஞ்சம் எழுத்து வேறாக இருந்தாலும் அதுவே கண்டுபிடித்துச் சேர்க்கும். நான் வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலை அப்படித்தான் சேர்த்தேன், நன்றாக வந்தது.

கெடிலக்கரை — 10 ஜூலை

முகவரிக்கு நன்றாக வந்திருக்கும், நம்புகிறேன். அங்கே இரண்டு எழுத்து மாறினாலும் ஆள் ஒருவர்தான். நம் சரக்கில் நிலைமை தலைகீழ். PVC ELBOW 20MM, PVC ELBOW 25MM இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அது பார்த்து 'ஏறக்குறைய ஒன்று' என்று சொல்லும். MTA 1, MALE ADAPTOR 32MM இரண்டும் கண்ணுக்கு ஒட்டவே ஒட்டாது, ஆனால் பிவிசியில் அது ஒரே பொருள். முன்னிருப்பு எல்லை 0.80. அதை ஏற்றினால் இரண்டாவது வகை கிடைக்காது, இறக்கினால் முதல் வகை கலந்துவிடும். நடுவில் நிம்மதியான எண் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஓ.டி. சொன்னதை முழுக்கத் தள்ளமாட்டேன். அளவுகளை முதலில் தனிப் பத்தியாக எடுத்துவிட்டு, மீதியிருக்கும் பெயரில் மட்டும் அதை ஓட்டலாம். 'REDUCER', 'REDUSER' மாதிரி எழுத்துப் பிழைகளை அது பிடித்துக் கொடுக்கும். அது ஆலோசனை மட்டும். ஒவ்வொன்றையும் மனிதர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

முத்தியால்பேட்டை அக்கா — 11 ஜூலை

எனக்கு மெடிக்கல் ஷாப். அண்ணன் தம்பி கடை பிரிந்து மறுபடி சேர்ந்தபோது இதே வேலை செய்தோம். பாராசிட்டமால் 500, 650 இரண்டும் ஒன்றல்ல என்று எல்லாருக்கும் தெரியும். நாங்கள் சறுக்கியது வேறு இடம். ஒரே மாத்திரை, ஒரே பவர், ஒரே கம்பெனி. ஆனால் இரண்டு பேட்ச், இரண்டு காலாவதி தேதி. நகல் என்று நினைத்து ஒரே வரியாக்கிவிட்டோம். காலாவதி தேதியில் ஒன்றுதான் நின்றது. பிறகு ஒவ்வொரு அட்டையையும் எடுத்துப் பார்த்துப் பிரித்தோம், நாலு இரவு ஆனது. உங்கள் பைப்புக்குக் காலாவதி இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.

கெடிலக்கரை — 11 ஜூலை

அக்கா, பைப்புக்கு இல்லை. சொல்யூஷனுக்கு உண்டு. டப்பாவில் தேதி போட்டிருக்கும், கட்டியாகிப்போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். தம்பி, ஒட்டும் சொல்யூஷன் வரிகளை இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். அக்கா சொன்ன மாதிரி டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வில்லியனூர் தம்பி — 13 ஜூலை

அளவு எல்லாம் மாற்றிவிட்டேன், அண்ணன் தாளின் பெயர்களையும் தமிழாக்கிவிட்டேன். இரண்டு தாளிலும் பொருள், பெயர், அளவு மூன்றையும் சேர்த்து ஒரு சாவி செய்து VLOOKUP போட்டேன். இப்போது 350-க்கு மேல் பொருந்துகிறது! ஆனால் ரெடியூசரில் ஏதோ விசித்திரம். நம்முடைய 'ரெடியூசர் 1*3/4' தேடினால் அண்ணன் தாளின் 'ரெடியூசர் 1 1/4*3/4' வந்து நிற்கிறது. FALSE போட்டிருக்கிறேன், ஒன்றுக்கு ஒன்று சரியாகத்தானே தேட வேண்டும்?

கெடிலக்கரை — 13 ஜூலை

நட்சத்திரம்தான் காரணம். VLOOKUP-இல் FALSE போட்டாலும் தேடும் சொல்லில் * இருந்தால் 'இங்கே எது வேண்டுமானாலும் இருக்கலாம்' என்று பொருள். நீங்கள் 1*3/4 என்றதும் '1-இல் தொடங்கி 3/4-இல் முடியும் எதுவும்' என்று படித்தது. மேலே இருந்து தேடி முதலில் பட்டதைக் கொடுத்துவிட்டது. COUNTIF-உம் இப்படித்தான். பிழை எதுவும் காட்டாது, அதுதான் இதில் மோசம். தவறான வரியை முழு நம்பிக்கையோடு தரும்.

நட்சத்திரத்தை எல்லாம் x ஆக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது Find பெட்டியில் வெறும் * போட்டு Replace All அழுத்தினால் பத்தியில் உள்ள ஒவ்வொரு கட்டமும் x ஆகிவிடும், பெயரும் போய்விடும். `~*` என்று போடுங்கள். அலை போட்டால்தான் அது நட்சத்திரத்தை நட்சத்திரமாகப் பார்க்கும்.

அப்படியே இதையும் பாருங்கள். M-052 என்பது 1*3/4. V-377 என்பது 25X32, அதாவது 3/4x1. ஒரே ரெடியூசர், ஒருவர் பெரிய பக்கத்தை முன்னால் எழுதினார், இன்னொருவர் சின்னதை. எல்லாவற்றிலும் பெரியது முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெடியூசர் டீயில் மட்டும் கவனம், அங்கே நேர்வழி அளவு முன்னால், நடுக்கிளை பின்னால். வழக்கமாக நேர்வழிதான் பெரியது, எனவே விதி பெரும்பாலும் ஒத்துப்போகும்.

ஓ.டி. கடை — 14 ஜூலை

நட்சத்திர விஷயம் எனக்குத் தெரியாது. என் கடைத் தாளில் இப்போதே போய்ப் பார்க்கிறேன். 1*1/2 என்று நிறைய இருக்கிறது.

வில்லியனூர் தம்பி — 19 ஜூலை

மூன்றாவது தாளாக Map போட்டேன். இடது பத்தியில் M, V எண்கள், வலது பத்தியில் புதிய குறியீடு, PVC-ELB-3/4 மாதிரி. எதற்கும் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தேன். முன்பு மஞ்சக்குப்பம் 11,236, வில்லியனூர் 7,184, ஆக 18,420. சேர்த்த பிறகு 18,560 வருகிறது. சரக்கு எப்படிக் கூடும்?

கெடிலக்கரை — 19 ஜூலை

நீங்களாகக் கூட்டிப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. வித்தியாசம் 140. மேலே நீங்கள் போட்ட முதல் வரியைப் பாருங்கள்: M-014, எண்ணிக்கை 140. Map தாளில் M-014 இரண்டு இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பழைய எண் இரண்டு குறியீட்டுக்குப் போனால் இணைக்கும்போது அந்தச் சரக்கு இரண்டு முறை எண்ணப்படும். M தாளின் பக்கத்தில் இதைப் போட்டு ஓட்டுங்கள், V தாளிலும்:

```
=COUNTIF(Map!A:A,A2)
```

எல்லா வரியிலும் 1 வர வேண்டும். 2 வந்தால் இரட்டிப்பு, 0 வந்தால் அந்தச் சரக்கு விடுபட்டுவிட்டது.

வில்லியனூர் தம்பி — 19 ஜூலை, இரவு

M-014-தான்! ஒன்று PVC-ELB-3/4, இன்னொன்று ஆரம்பத்தில் சோதனைக்குப் போட்ட PVC-ELB-25. அழிக்க மறந்திருக்கிறேன். இப்போது 18,420. அப்பாடா.

கெடிலக்கரை — 20 ஜூலை

இரவு படுத்த பிறகு தோன்றியது, அதனால் எழுதுகிறேன். கூட்டல் சரியாக வந்தால் எதுவும் விடுபடவில்லை, இரட்டிக்கவில்லை என்பது மட்டும் உறுதி. அரை எல்போவை முக்கால் குறியீட்டில் போட்டிருந்தாலும் கூட்டல் இதே 18,420-தான் வரும். அதற்கு வேறு சோதனை வேண்டும். நான் செய்வது: ஒரு குறியீட்டுக்குள் வந்த எல்லா பழைய வரிகளின் வாங்கிய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று 9 ரூபாய், இன்னொன்று 10.50 என்றால் சரி. ஒன்று 9, இன்னொன்று 26 என்றால் யாரோ தவறாகக் குடியேறியிருக்கிறார். பிவிசியும் சிபிவிசியும் கலந்தால் விலை உடனே காட்டிக்கொடுக்கும்.

அலகையும் விலையே காட்டும். அப்பா பைப்பை வெட்டி அடிக்கணக்கில் விற்பார் என்றால் அவருடைய 200 என்பது 200 அடி. அண்ணனுடைய 10 என்பது 10 லெங்த். 20 அடி லெங்த் என்றால் இரண்டும் சமம். அதைக் கூட்டி 210 என்று எழுதிவிடக் கூடாது.

வில்லியனூர் தம்பி — 21 ஜூலை

பைப் அப்படித்தான் இருக்கிறது, அடிக்கணக்கு. அதைவிடப் பெரிய சண்டை வீட்டில். பிராண்டைத் தனிக் குறியீடாக வைக்கலாமா வேண்டாமா? அண்ணன் வேண்டும் என்கிறார், விலை வேறு, கஸ்டமர் பெயர் சொல்லிக் கேட்கிறார் என்று. அப்பா, 'எல்போ எல்லாம் ஒரே கூடையில்தான் கிடக்கு, யார் பிரிச்சு எண்ணப் போறாங்க?' என்கிறார்.

நெல்லிக்குப்பம் பிளம்பர் — 21 ஜூலை

உங்கள் அப்பா சொல்வது சரி. எல்போவுக்குப் பிராண்டு பார்க்கிறவர் குறைவு. பைப்புக்குப் பார்ப்பார்கள்.

முத்தியால்பேட்டை அக்கா — 21 ஜூலை

அண்ணன் சொல்வதுதான் சரி. இன்று பிரிக்காவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. சேர்ப்பது எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

கெடிலக்கரை — 22 ஜூலை

அக்கா சொல்லும் தர்க்கம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் பட்டியலில் இரண்டு வரியும் ரேக்கில் ஒரு கூடையும் இருந்தால், பில் போடும் பையன் எது மேலே வருகிறதோ அதை அழுத்துவான். ஆறு மாதத்தில் ஒரு பிராண்டில் மைனஸ் எண்ணிக்கை, இன்னொன்றில் இல்லாத சரக்கு. எங்கள் கடையில் பைப்பும் வால்வும் பிராண்டோடு, சின்ன ஃபிட்டிங்ஸ் பிராண்டு இல்லாமல் வைத்திருக்கிறேன். அதுவும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. விலை ஏறும்போது ஒரு குறியீட்டில் இரண்டு விலை வந்து நிற்கிறது. கூடை வாங்கிப் பிரித்து வைக்க இடம் இருந்தால் அண்ணன் கட்சி, இல்லையென்றால் அப்பா கட்சி.

இன்னொன்றைக் கேட்க மறந்தேன். இரண்டு கடையும் ஒரே பான் எண்ணிலா?

வில்லியனூர் தம்பி — 22 ஜூலை

ஆமாம், அப்பா பெயரில்தான் இரண்டும். ஜிஎஸ்டி எண் மட்டும் வேறு. கடலூருடையது 33-இல் தொடங்கும், வில்லியனூருடையது 34.

கெடிலக்கரை — 22 ஜூலை

அப்படியானால் 18,420 என்று ஒரே எண்ணாக ஏற்றிவிடாதீர்கள். பெயர்ப் பட்டியல் ஒன்று, இருப்பு இரண்டு பத்தி. வழியில் எல்லையை எத்தனை முறை தாண்டினாலும் சட்டத்தின் கண்ணில் இது தமிழ்நாடு, புதுச்சேரி என்று இரண்டு பதிவு. ஒரு கடையில் இருந்து இன்னொன்றுக்குச் சரக்கு போனால் வரியோடு இன்வாய்ஸ் போட வேண்டும். வெள்ளத்தில் ஏற்றிய சரக்குக்குப் பில் போட்டீர்களா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், நான் அதைச் சொல்லக்கூடிய ஆள் இல்லை. எண்ணிக்கைக்கு மட்டும் சொல்கிறேன்: அந்தச் சரக்கு M தாளிலும் இருக்கும், V தாளிலும் இருக்கும். இது Map-இல் தெரியாது, கூட்டலிலும் தெரியாது. இரண்டு கடையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மூடி எண்ணுவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பழைய எண்ணிக்கையைப் பெயர் சேர்க்க மட்டும் பயன்படுத்துங்கள். இருப்பு புதிதாக எண்ணியதுதான்.

வில்லியனூர் தம்பி — 27 ஜூலை, இரவு

இன்று எண்ணினோம். மஞ்சக்குப்பத்தில் நானும் அப்பாவும், வில்லியனூரில் அண்ணனும் இரண்டு பையன்களும். பிளம்பர் ஐயா சொன்ன மூன்று பைப் துண்டும் கையில் இருந்தது. வெறும் 'எல்போ' என்று இருந்த வரிகளில் ஆறு, வெள்ளை யுபிவிசி என்று தெரிந்தது. 1,486 வரி இப்போது 1,043 குறியீடு. முக்கால் எல்போ பட்டியல்படி மஞ்சக்குப்பத்தில் 140, ரேக்கில் 61. மீதி வில்லியனூருக்கு வண்டியில் போனதா, நனைந்ததில் போனதா, அப்பாவுக்கும் நினைவில்லை. 61 என்றே எழுதினோம். பிராண்டு சண்டை முடியவில்லை, வால்வுக்கு மட்டும் இப்போதைக்குப் பிரித்திருக்கிறோம்.

எந்தக் குறியீட்டிலும் சேராமல் 19 வரி தனித் தாளில் கிடக்கிறது. அதில் M-577, 'பழைய மாடல் யூனியன்', 12 எண்ணிக்கை. ரேக்கில் பன்னிரண்டும் அப்படியே இருக்கிறது. அரையும் இல்லை, முக்காலும் இல்லை, மூன்று துண்டும் உட்காரவில்லை.

நெல்லிக்குப்பம் பிளம்பர் — 27 ஜூலை, இரவு

மரை உள்பக்கமா வெளிப்பக்கமா? ஒரு போட்டோ போடுங்கள். பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து எடுங்கள், அளவு தெரியட்டும்.